வேலை போனபின் வீட்டுக்கடன் தவணையை ஒத்திவைக்கக் கேட்பது: வங்கி எதைப் பார்க்கிறது?

வேலை போனவுடன் வங்கிக் கிளைக்குச் சென்று "ஆறு மாதம் தவணையை நிறுத்தி வையுங்கள்" என்று கேட்பவர்களில் பலர் 2020-ஆம் ஆண்டை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மூன்று மாதத் தவணைகளை ஒத்திவைக்க எல்லா வங்கிகளுக்கும் அனுமதி அளித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அப்போது பலருக்கு வேலை போனதற்கான சான்றைக்கூடக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கேட்டால் கிடைத்தது, சில வங்கிகளில் கேட்காமலேயே கிடைத்தது. அந்த அனுமதி காலாவதியாகிவிட்டது. அதைத் தொடர்ந்து வந்த இரண்டு சிறப்பு மறுசீரமைப்புத் திட்டங்களும் முடிந்துவிட்டன. இன்று வேலை இழந்த ஒருவருக்குத் தவணை ஒத்திவைப்பு என்பது உரிமை அன்று. வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ தன் சொந்தக் கொள்கைப்படி தரவோ மறுக்கவோ கூடிய சலுகை.

வங்கி ஏன் தயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் விண்ணப்பத்தைச் சரியாக எழுத முடியும். பணநெருக்கடியில் இருக்கும் கடன்தாரருக்கு, அந்த நெருக்கடியின் காரணமாகவே வங்கி ஒரு சலுகை தந்தால், ரிசர்வ் வங்கியின் விதிகள் அதை மறுசீரமைப்பு என்று கொள்கின்றன. தவணையை ஒத்திவைப்பது, காலத்தை நீட்டுவது, தவணையைக் குறைப்பது எல்லாம் இதில் அடங்கும். அப்படிச் செய்த கணக்கை, அதுவரை ஒரு தவணைகூடத் தவறாத கணக்காக இருந்தாலும், பொதுவாக உடனே வாராக்கடன் வகையில் சேர்க்க வேண்டும். 2020-இல் தரப்பட்ட சிறப்பே இந்த விதியிலிருந்து விலக்கு அளித்ததுதான். கடன் திரும்பாமல் போனால் ஈடுகட்ட வங்கி தன் லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். ஒழுங்காகக் கட்டப்படும் வீட்டுக்கடனுக்கு இந்த ஒதுக்கீடு 0.25 விழுக்காடு இருந்தால் போதும். பிணையுள்ள கடன் வாராக்கடனின் முதல் படிக்கு இறங்கினால் 15 விழுக்காடு ஒதுக்க வேண்டும். 28 லட்ச ரூபாய் கடனில் இது 7,000 ரூபாய்க்கும் 4,20,000 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு. கிளை மேலாளர் "பார்க்கலாம் சார், மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று இழுப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கிறது. அவருக்கு இரக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கடன்தாரருக்கும் இதில் ஒரு விலை உண்டு. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் அந்தக் கணக்கு மறுசீரமைக்கப்பட்டது என்ற குறிப்புடன் தெரியும். குறைந்தது ஓராண்டாவது புதிய தவணைகளை ஒழுங்காகக் கட்டிக் காட்டிய பிறகே கணக்கு மீண்டும் நல்ல வகைக்கு உயரும். அந்த இடைவெளியில் புதுக்கடனோ கடன் அட்டையோ கிடைப்பது கடினம். ஆகவே, ஒத்திவைப்புக் கேட்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, கையிலிருக்கும் பணம் அடுத்த வேலை கிடைக்கும்வரை தாங்குமா என்பதே. தாங்கும் என்றால், எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் கட்டிவிடுவது நல்லது என்பதே என் கருத்து.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் தாம்பரம், பெரும்பாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் இப்படிப்பட்ட கணக்குகள் எத்தனையோ இருக்கும். கணவர் மென்பொருள் சோதனைப் பணியில் இருந்தார். 2025 டிசம்பர் இறுதியில் வேலை போயிற்று. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, மாதச் சம்பளம் 24,000 ரூபாய். கணவர் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்து 8,000 ரூபாய் ஈட்டத் தொடங்கியிருக்கிறார். வீட்டுச் செலவு 26,000 ரூபாய், மிச்சம் 6,000. வீட்டுக்கடனில் 28 லட்சம் பாக்கி, வட்டி 8.5 விழுக்காடு, இன்னும் 180 தவணைகள், மாதத் தவணை 27,573 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி. நிறுவனம் கொடுத்த இறுதிக் கணக்குத் தொகை 80,000 ரூபாய். வருங்கால வைப்புநிதியை வீடு வாங்கும்போதே முன்பணத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

யாரிடமும் எதுவும் கேட்காமல் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? மாதாமாதம் 21,573 ரூபாய் கையிருப்பிலிருந்து போகும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகளைக் கட்டியபின் 15,281 ரூபாய் மிஞ்சும். ஏப்ரல் 5-ஆம் தேதித் தவணை தவறும். இங்கிருந்து நாள்கணக்கு தொடங்குகிறது. தவணைத் தேதியிலிருந்து 30 நாள் நிலுவையாக நின்றால் கணக்கு ஒரு படி கீழிறங்கும், 60 நாளில் இன்னொரு படி, 90 நாளில் வாராக்கடன். மாதம் 6,000 ரூபாய் சேர்த்து ஜூன் மாதத்தில் ஏப்ரல் தவணையை அவர்கள் கட்டிவிட முடியும். ஆனால் மே 5-ஆம் தேதித் தவணை நிலுவையாகவே நின்று, ஆகஸ்ட் 3 அன்று 90 நாளை எட்டும். தாமதக் கட்டணங்களைச் சேர்க்காமலேயே இந்த நிலை. அதாவது ஜூன், ஜூலைக்குள் புதுச் சம்பளம் வந்துவிடும் என்ற நியாயமான நம்பிக்கை இருந்தால், மறுசீரமைப்பு கேட்காமலேயே சமாளித்துவிடலாம். அறிக்கையில் சில தாமதங்கள் மட்டும் பதிவாகும். நம்பிக்கை இல்லையென்றால், எல்லாப் பணத்தையும் தீர்த்துவிட்டு ஆகஸ்டில் வாராக்கடனாக நிற்பதைவிட, கையில் பணமும் நல்ல பதிவும் இருக்கும் ஜனவரியிலேயே பேசுவது மேல்.

இந்தக் குடும்பம் ஆறு மாதம் ஆகும் என்று கணித்து, கேட்பதாக முடிவெடுத்தது என்று வைத்துக்கொள்வோம். எதைக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலோர் போதிய நேரம் செலவிடுவதில்லை. ஆறு மாத முழு ஒத்திவைப்பு காதுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் அந்த ஆறு மாத வட்டி மன்னிக்கப்படுவதில்லை, அசலோடு சேரும். 28 லட்சம் 29,21,127 ரூபாயாக உயரும். பிறகு பழைய தவணையையே தொடர்ந்தால் 180 தவணைக்குப் பதில் ஏறக்குறைய 197 தவணை கட்ட வேண்டும். கூடுதல் செலவு சுமார் 4.6 லட்சம். ஆறு மாத ஓய்வுக்கு ஏறத்தாழப் பதினேழு மாத உழைப்பு விலை. 2020-இல் ஒத்திவைப்பை எடுத்த பலர் பின்னால் கணக்கைப் பார்த்துத் திகைத்தது இதனால்தான். வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த ஆறு மாதத்துக்கு மட்டுமே பொருந்தும். வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்யும் கோரிக்கையை அது ஏற்கவில்லை.

கடன் காலத்தைப் பதினைந்து ஆண்டிலிருந்து இருபது ஆண்டாக நீட்டக் கேட்பது இன்னொரு வழி. இதில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது: மாதத் தவணை 27,573-லிருந்து 24,299-க்குத்தான் குறைகிறது. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம், மொத்தத்தில் 8.6 லட்சத்துக்கு மேல் கூடுதல் கட்டணம். வருமானம் சற்றே குறைந்தவருக்கு இது உதவலாம். வருமானம் நின்றுபோனவருக்கு இது மருந்தன்று. ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்டுகிறேன் என்று கேட்டால் அசல் ஏறாது, வங்கிக்கும் பிடிக்கும்; ஆனால் வட்டி மட்டுமே மாதம் 19,833 ரூபாய். மிச்சமாகும் 6,000 போக 13,833 ரூபாயைக் கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் 83,000 ரூபாய் ஆகிவிடும், கையில் இருப்பதோ 80,000.

எஞ்சுவது நடுவழி: ஆறு மாதத்துக்கு மாதம் 10,000 ரூபாய் கட்டுவது, மீதி வட்டி அசலில் சேர்வது, ஏழாம் மாதம் முதல் பழைய தவணை. கையிருப்பிலிருந்து மாதம் 4,000 ரூபாய்தான் போகும். ஆறு மாத முடிவில் 56,000 ரூபாய் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவத்துக்கும் இருக்கும். கடன் பாக்கி 28,60,054 ரூபாயாக உயரும். பிறகு ஏறக்குறைய 188 தவணைகள். இடையில் கட்டிய 60,000 ரூபாயையும் சேர்த்தால் கூடுதல் செலவு சுமார் 2.8 லட்சம். முழு ஒத்திவைப்போடு ஒப்பிட்டால், இப்போது கட்டும் 60,000 ரூபாய் பின்னால் ஏறக்குறைய 1.8 லட்சத்தை மிச்சப்படுத்துகிறது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு மாதமும் சிறு தொகையேனும் வந்துகொண்டிருக்கும் கணக்கை மேலிடத்தில் ஆதரித்துப் பேசுவது வங்கி அலுவலருக்கு எளிது.

இனி ஆவணங்கள். வருமானச் சான்று என்றதும், வருமானமே இல்லாதபோது எதைக் காட்டுவது என்று குழம்புகிறார்கள். வங்கி மூன்று காலங்களுக்குச் சான்று தேடுகிறது. நேற்று எவ்வளவு வந்தது என்பதற்குக் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, ஓராண்டு வங்கிக் கணக்கு அறிக்கை. அது எப்போது, எதனால் நின்றது என்பதற்குப் பணி விடுவிப்புக் கடிதம், இறுதிக் கணக்குத் தீர்வு விவரம், கடைசிச் செலுத்தலும் பணி முடிவுத் தேதியும் தெரியும் வைப்புநிதிப் பதிவுகள். இன்று என்ன வருகிறது என்பதற்கு மனைவியின் சம்பளச் சீட்டும், பாடம் சொல்லிக்கொடுக்கும் பணம் வந்து விழும் கணக்கின் அறிக்கையும். இந்த மூன்றாவது பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வருமானம் ஒன்றுமில்லை என்று காட்டினால் இரக்கம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள்; உண்மையில் வங்கி தேடுவது திரும்பக் கட்டும் வழியை. மாணவர்களின் பெற்றோர் ரொக்கமாகத் தந்துவந்த 8,000 ரூபாயை அந்த மாதமே வங்கிக் கணக்கு வழியாக வாங்கத் தொடங்கினால், இரண்டு மாதத்தில் அதுவும் ஒரு சான்றாகிவிடும்.

மென்பொருள் துறையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிறுவனமே வெளியேறச் சொன்னாலும், மனிதவளப் பிரிவு "நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள், அனுபவச் சான்று சுத்தமாக இருக்கும்" என்று கையெழுத்து வாங்கிவிடுகிறது. பிறகு எல்லா ஆவணங்களிலும் விருப்ப விலகல் என்றே இருக்கும். கடனோடு வேலையிழப்புக் காப்பீடு எடுத்திருந்தால், தானாக விலகியவருக்கு அது பெரும்பாலும் பணம் தராது, வங்கி அலுவலரும் "நீங்களே விட்டுவிட்டு வந்தீர்களா?" என்று கேட்பார். ஆட்குறைப்பு பற்றி வந்த மின்னஞ்சல், சந்திப்புக்கான அழைப்பு, இழப்பீடு குறிப்பிடும் கடிதம் எதுவாக இருந்தாலும், அலுவலக மின்னஞ்சல் மூடப்படுவதற்கு முன், நிறுவனத்தின் ரகசியத் தகவல் எதையும் தொடாமல், தனக்கு வந்த கடிதங்களின் படியை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மற்றக் கடன்களை மறைப்பது பயனற்றது. தனிநபர்க் கடனும் கடன் அட்டை நிலுவையும் வங்கியின் திரையில் தெரியும். கையிருப்பையும் அவ்வாறே சொல்லிவிட வேண்டும். இறுதிக் கணக்குத் தொகை கடன் கொடுத்த வங்கியிலேயே வந்து விழுந்தால், நிலுவை ஏற்பட்டபின் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை வங்கி பயன்படுத்தக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அதன் உயிர்ப்பகுதி இப்படி இருக்கலாம்: "மேற்கண்ட கடன் கணக்கில் இன்றுவரை நிலுவை இல்லை. 31.12.2025 அன்று என் பணி முடிவுக்கு வந்தது. சான்று இணைப்பு 1. இப்போது குடும்ப வருமானம் மாதம் ரூ. 32,000, செலவு ரூ. 26,000, கையிருப்பு ரூ. 80,000, சான்றுகள் இணைப்பு 2 முதல் 5 வரை. 2026 பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆறு மாதங்களுக்கு மாதம் ரூ. 10,000 செலுத்தவும், ஆகஸ்ட் முதல் முழுத் தவணையைத் தொடரவும் அனுமதி கோருகிறேன். இந்த ஏற்பாட்டால் கணக்கின் வகைப்பாடு மாறுமா, கடன் தகவல் நிறுவனங்களுக்கு எவ்வாறு தெரிவிக்கப்படும், ஒத்திவைக்கப்படும் வட்டி எவ்வாறு கணக்கிடப்படும் என்பவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்." இணைக் கடன்தாரரான மனைவியும் கையெழுத்திட வேண்டும். கடைசிக் கேள்விகளைத் தவிர்க்காதீர்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் "ஒன்றும் ஆகாது" என்ற பதில் பின்னால் எதற்கும் உதவாது.

கிளையில் கொடுத்து, படியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புவது நல்லது. பல வங்கிகளில் முடிவு கிளையில் எடுக்கப்படுவதில்லை. சில்லறைக் கடன்களைக் கையாளும் தனி மையத்துக்குக் கோப்பு போகும், வாரக்கணக்கில் ஆகலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விண்ணப்பம் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக் கணக்கைக் காலியாக விடுகிறார்கள். தானியங்கிப் பற்று ஆணை வழக்கம்போல 5-ஆம் தேதி வந்து, பணமின்றித் திரும்புகிறது. கடன் கொடுத்தவரும் கணக்கு வைத்திருக்கும் வங்கியும் தனித்தனியே கட்டணம் போடுவார்கள். காசோலை திரும்புவதற்குள்ள தண்டனையே இதற்கும் பொருந்தும் என்று 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் ஒப்புதல் வரும்வரை பழைய தவணையே நடப்பில் இருக்கிறது. நம் குடும்பத்திடம் இருக்கும் 80,000 ரூபாயின் முதல் வேலையே, பதில் வரும்வரை ஓரிரு தவணைகளைக் காப்பதுதான். அப்படிச் செலவாகும் தொகைக்கு ஏற்ப, கேட்கும் சலுகையின் தொடக்க மாதத்தையும் தொகையையும் திருத்திக் கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

ஒப்புதல் வந்தால் துணை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். சேர்ந்த வட்டிக்குத் தவணை உயர்கிறதா, காலம் நீள்கிறதா என்பது அதில்தான் தெரியும். காலம் நீண்டால், கடனோடு எடுத்த ஆயுள் காப்பீடு பழைய தேதியிலேயே முடிந்துவிடுமா என்றும் பார்க்க வேண்டும். தவறிய தவணைக்கு அபராதம் போட்டிருந்தால், அது தனிக் கட்டணமாக மட்டுமே இருக்க வேண்டும், அதன் மீது வட்டி ஏறக்கூடாது என்பது 2024 முதல் நடைமுறையில் உள்ள விதி. கணக்கு அறிக்கையில் அதைச் சரிபார்க்கலாம்.

மறுத்துவிட்டால்? வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் நிறைவு தரவில்லையென்றாலோ cms.rbi.org.in தளம் வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் அவர் வங்கியின் வணிக முடிவுக்குள் புக மாட்டார். ஒத்திவைப்பைத் தரச் சொல்லி உத்தரவிட மாட்டார். விண்ணப்பத்துக்குப் பதிலே தராமல் இருந்தது, தவறான கட்டணம், காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர்கள் அழைப்பது போன்றவற்றை முறையிடலாம். புகாரை அந்த அளவில் எழுதினால் பயன் உண்டு.

வாராக்கடன் நிலைக்குப் போனபின்னும் பேச்சு முடிந்துவிடுவதில்லை. பிணையாக உள்ள சொத்தை வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் வரும் அறிவிப்பு 60 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் கடன்தாரர் எழுத்தில் எதிர்வாதம் கொடுத்தால், ஏற்காத காரணத்தை 15 நாளுக்குள் தெரிவிக்க வங்கி கடமைப்பட்டது. ஜனவரியில் தேதி முத்திரையோடு கொடுத்த விண்ணப்பமும், மாதாமாதம் கட்டிய தொகையின் பதிவும் அப்போது பெரிதும் கைகொடுக்கும். அந்தக் கட்டத்தில் கணக்கை நல்ல வகைக்குத் திருப்ப ஓரிரு தவணை கட்டினால் போதாது. நிலுவை முழுவதையும் தீர்த்தாக வேண்டும்.

ஆறு மாதம் முடிவதற்குள் வேலை கிடைத்துவிட்டால், பணி நியமனக் கடிதத்தின் படியோடு வங்கிக்கு எழுதி முழுத் தவணையை முன்கூட்டியே தொடங்கிவிடலாம். மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கான அபராதம் கிடையாது. அசலில் சேர்ந்த அந்த 60,054 ரூபாயை முதல் ஓராண்டிலேயே தவணைக்கு மேல் தனியாகக் கட்டித் தீர்த்துவிட்டால், கூடுதலாக வந்த எட்டுத் தவணைகளில் பெரும்பகுதி கழிந்துவிடும். அப்படிக் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்குமாறு எழுதிக் கொடுக்க வேண்டும்.